பத்திலிருந்து ஒன்றுக்குள்

திரையில் என் மனைவியின் பெயர் வந்தது.

எங்கள் வேலையில் யாருக்குப் பேசுவது என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. கணினியே எண்ணைப் போடும். மணி அடிக்கத் தொடங்கியதும் பெயர், விலாசம், என்ன பொருள், என்ன கோளாறு எல்லாம் திரையில் விரியும். நாளை வீட்டுக்கு வரப்போகும் டெக்னீஷியன் எந்த நேரத்துக்குள் வருவார், அதற்குள் வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி 'சரி' வாங்க வேண்டும். காலைக்கு ஒரே நேரம்தான், பத்திலிருந்து ஒன்றுக்குள். அப்படியென்றால் எத்தனை மணிக்கு என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அது டெக்னீஷியனுக்கே தெரியாது.

அவள் இறந்து பத்து மாதமாகிறது. பெயருக்குக் கீழே 'வாஷிங் மெஷின், முன்பக்கக் கதவு, திறக்கவில்லை. வருகை இரண்டு முறை தோல்வி' என்று இருந்தது.

அது எங்கள் மெஷின். குழந்தை என் மாமியார் வீட்டுக்குப் போனபோது கூடவே போனது. விலாசத்தை அப்போதே மாற்றினேன். பெயரை மாற்றக் காரணம் கேட்கும் ஒரு பக்கம் உண்டு. அதை நான் திறக்கவில்லை. எண்ணும் அவளுடையதுதான். அந்த போனும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறது. குழந்தை அதில் படம் பார்ப்பாள்.

"யாரு?" என்று மாமியாரின் குரல் கேட்டது.

முதல் வாக்கியத்தில் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி, அவரிடம் பேசலாமா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மதிப்பெண் குறையும். குறைப்பதற்கென்றே இரண்டு நாற்காலி தள்ளி எங்கள் டீம் லீடர் மேடம் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைனஸ்.

"வணக்கம். வாஷிங் மெஷின் சர்வீஸ்லேந்து பேசறோம்," என்றேன்.

பின்னால் ஓடிய டிவியின் சத்தம் குறைந்தது.

"மாப்ள?"

"ஆமா அத்தை."

"உங்க ஆபீஸ்தானா இது? ரெண்டு வாரமா என் உயிர வாங்கறது?"

"இந்தப் பேச்சு பதிவாகுது அத்தை."

"ஆகட்டும். நல்லா ஆகட்டும். யாராவது ஒருத்தர் உக்காந்து கேக்க மாட்டாங்களான்னுதான் நானும் பாத்துட்டிருக்கேன்."

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு நீங்க எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை சொன்னேன். தலைய ஆட்டினீங்க."

ஆட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவேன், சாப்பிடுவேன், குழந்தையின் தலையைத் தடவுவேன், திரும்புவேன். என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டால் எனக்குத் தெரியாது.

திரையின் ஓரத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மைனஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நான் எழுதி வைத்திருப்பதைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நாளைக்குக் காலையில பத்துலேந்து ஒன்னுக்குள்ள டெக்னீஷியன் வருவார். அரை மணி நேரம் முன்னாடி இந்த நம்பருக்குக் கூப்பிடுவார். எடுக்கணும். எடுக்கலன்னா வர மாட்டார்."

"சரி."

"தண்ணிக் குழாய மூடி வைக்கணும். பிளக் பாயின்ட் மறையாம இருக்கணும். மெஷின் முன்னாடி ரெண்டடி இடம் வேணும்."

"அந்த ரூம்ல நான் நிக்கறதுக்கே ரெண்டடி கிடையாது. பக்கெட்ட எடுத்து வெளிய வைக்கறேன். மேல சொல்லுங்க."

"கீழ தண்ணி பிடிக்கத் தட்டையா ஒரு ட்ரே. கொஞ்சம் பழைய துணி."

"பழைய துணி எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

"ட்ரம்மக் காலி பண்ணி வைக்கணும்."

"எப்படி?"

நான் அடுத்த வரியைத் தேடினேன்.

"இல்ல, எப்படின்னு கேக்கறேன். கதவு திறக்கலங்கறதுதான் புகார். திறந்தா நான் ஏன் உங்களத் தேடறேன்? உள்ள பாப்பாவோட ரெண்டு பெட்ஷீட், என் நைட்டி, ஒரு துண்டு எல்லாம் அழுக்குத் தண்ணில ஊறிக்கிட்டு கண்ணாடி வழியா என்னையே பாக்குது. வீட்டுக்கு வர்றவங்க மீன் வளக்கறீங்களான்னு கேக்கறாங்க."

பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"அந்த வரி எல்லாருக்கும் பொதுவா எழுதினது அத்தை. அத விட்டுடுங்க."

"எழுதினவன் வீட்ல மெஷின் இருக்கா?"

"பதினெட்டு வயசுக்கு மேல ஒருத்தர் வீட்ல இருக்கணும்."

"அங்கதான் வந்து நிக்குது. நாளைக்கு எனக்கு லீவு கிடையாது. ரெண்டு தடவை அரை நாள் போட்டாச்சு. பில் கவுன்ட்டர்ல இருக்கறதே ரெண்டு பேர். இன்னொரு தடவை மெஷின்னு சொன்னா மேனேஜர் சிரிக்கிறான்."

அவர் ஒரு கிளினிக்கில் பில் போடுகிறவர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"முதல் தடவை என்ன ஆச்சு?"

"பாப்பா படம் பாத்துத் தீத்த போன் பீரோல கிடந்துச்சு. அதுல எவன் கூப்பிடப் போறான்னு சார்ஜ் போடல. என் நம்பரதான் குடுத்தேன், புகார் குடுக்கறப்ப. அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டேன்னு சொன்னா. பழைய நம்பருக்குத்தான் கூப்பிடுவீங்களாம்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது நான் எடுத்தேன். அவ பேரச் சொல்லி, மேடம் இருக்காங்களான்னு கேட்டான். அவ இறந்துட்டாப்பா, நான் அவ அம்மா, நீ வாப்பான்னு சொன்னேன். ஐயோ சாரிம்மான்னு வச்சுட்டான். அப்பறம் வரவே இல்ல. சாயங்காலம் மெசேஜ் வருது, 'நீங்கள் கேட்டுக்கொண்டபடி தள்ளி வைக்கப்பட்டது'ன்னு. நான் எப்பக் கேட்டேன்?"

திரையைப் பார்த்தேன். அதே காரணம்தான் பதிவாகியிருந்தது.

"சரி மாப்ள, நீங்க எழுதிக் குடுத்தத படிச்சுட்டீங்க. இப்ப நான் சொல்றேன். பாப்பா ராத்திரி எல்லாம் படுக்கைய நனைக்கறா. தெனம். நானும் தெனம் கையால தோய்ச்சேன். திங்கக்கிழமை பெட்ஷீட்ட முறுக்கறப்ப மணிக்கட்டு பெசகிடுச்சு. கட்டுப் போட்டிருக்கு. ஒரு வாரத்துக்கு அசைக்கக் கூடாதாம். நாளைக்கு மெஷின் ஓடலன்னா பாப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் கோவத்துல சொல்லல. எனக்குக் கை இல்ல."

என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். பத்து மாதமாக என் வீட்டில் நான் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை மட்டும்தான் புழங்குகிறேன். இன்னொரு அறையின் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அவளை அங்கே கூட்டிப் போய் என்ன செய்வேன்? பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன சொல்வேன்?

மூன்றாவது வருகையும் தோற்றால் புகார் தானாக மூடிக்கொள்ளும். புதிதாகக் கொடுத்து, வரிசையில் நின்று, மறுபடி ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

"நாளைக்கு வீட்ல நான் இருக்கேன். நானே போன எடுக்கறேன்," என்றேன்.

"நிஜமாவா?"

"பத்துலேந்து ஒன்னுக்குள்ள."

"நீங்க ஒம்பதரைக்கு வாங்க. எனக்கு பஸ்ஸு," என்று வைத்துவிட்டார்.

'உறுதி' என்ற பொத்தானை அழுத்தினேன். குறிப்புப் பகுதியில் 'வாடிக்கையாளர் காலமாகிவிட்டார், குடும்பத்தினர் இருப்பார்கள், வரவும்' என்று அடித்தேன். என் எண்ணையும் போட்டேன். மைனஸ் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்தார்.

"சொந்தக்காரங்க புகார்னா மாத்தி விடணும்னு ரூல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பறம்?"

"யாருக்கு மாத்தினாலும் முதல்ல அவ பேரச் சொல்லித்தான் கேப்பாங்க மேடம். அத்தை எடுப்பாங்க."

அவர் குனிந்து என் திரையில் இருந்த குறிப்பைப் படித்தார். பிறகு, "வணக்கத்துக்கு அப்பறம் பேரு கேக்கல. அதுக்கு மட்டும்தான் குறைக்கறேன்," என்று போய்விட்டார். அவர் அளவில் அது பெரிய சலுகை.

பக்கத்து மேசைக்காரன் தன் வார விடுமுறையை எனக்குக் கொடுத்து, என் வேலை நேரத்தை எடுத்துக்கொண்டான்.

*

ஒன்பதரைக்குப் போனேன். மாமியார் வாசலிலேயே செருப்போடு நின்றார். வலது மணிக்கட்டில் தடித்த கட்டு. இடது தோளில் மாட்டிப் பழக்கமில்லாத கைப்பை நழுவிக்கொண்டே இருந்தது.

"பால் அடுப்பு மேல இருக்கு. பாப்பாவுக்கு லேசா சளி, அதான் ஸ்கூலுக்கு அனுப்பல. டிவி போட்டா நிறுத்த மாட்டா, போடாதீங்க. போன் மேஜை மேல, சார்ஜ் ஏத்தி வச்சிருக்கேன். எடுத்ததும் வாப்பான்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. நான் சொல்லிப் பாத்தாச்சு."

"சரி அத்தை."

"தலைய ஆட்டறீங்களா, கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

அவர் படியிறங்கினார். குழந்தை கதவின் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான்கு வயது. நெற்றி அவள் அம்மாவுடையது. நான் பெரும்பாலும் தலையின் உச்சியைத்தான் பார்ப்பேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றாள்.

"இல்ல."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"மெஷின் ரிப்பேர் பண்ண ஆள் வருவார்."

"அப்ப நீங்க ரிப்பேர் பண்ண மாட்டீங்களா?"

"எனக்குத் தெரியாது."

"ஓ," என்றாள். ஏமாற்றம் எதுவும் இல்லை. ஒரு விஷயம் தெரிந்துகொண்ட குரல்.

மெஷின் குளியலறையை ஒட்டிய சின்ன இடத்தில் இருந்தது. மாமியார் நான் சொன்னதை எல்லாம் செய்திருந்தார். பக்கெட்டுகள் கூடத்துக்கு வந்திருந்தன. சோப்புத் தூள் டப்பா, பிரஷ், கிளிப் கூடை எல்லாம் சாப்பாட்டு மேஜை மேல். குழாய் மூடியிருந்தது. மெஷினுக்குக் கீழே கேக் செய்கிற அலுமினியத் தட்டு ஒன்று. பழைய துணிக்கு பதில் கிளினிக்கின் பழைய மேஜை விரிப்பை மடித்து வைத்திருந்தார். ஒரு கையால் இவ்வளவையும் நகர்த்தியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் பாதி உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். பெட்ஷீட்டில் முயல் படம் போட்டிருந்தது. ஒரு முயல் கண்ணாடியை ஒட்டி நின்றது.

"அது மூச்சு முட்டுமா?" என்றாள்.

"அது படம்."

"தெரியும்."

பத்து மணி ஆனது. நான் போனை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தேன். சத்தம் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்தேன். திரையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தால் சத்தம் குறையுமோ என்று மறுபடி நிமிர்த்தினேன்.

வாடிக்கையாளர்கள் என்னிடம் கத்தும்போதெல்லாம், வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று நினைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் வீட்டில் உட்கார்வது வேறு, மூன்று மணி நேரம் போனுக்காக உட்கார்வது வேறு. கழிப்பறைக்குக் கூட அதைக் கையில் எடுத்துப் போனேன். குழந்தைக்குப் பால் ஆற்றும்போது ஒரு கண் அதன் மேல். அவள் படம் பார்க்கக் கேட்டாள். தரவில்லை. என் போனைக் கொடுத்தேன். அதில் படம் எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பதினொன்றும் போனது. பன்னிரண்டும் போனது. ஒரு முறை மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஏதோ கடையில் தள்ளுபடி. என் மனைவியின் பெயரைச் சொல்லி ஒரு இயந்திரக் குரல் வாழ்த்தியது.

பன்னிரண்டரைக்கு எங்கள் ஆபீஸுக்கே அடித்தேன். வரிசையில் நின்று, இசை கேட்டு, கடைசியில் வந்த குரல் பக்கத்து மேசைக்காரனுடையது. என் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"வணக்கம். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"டேய், நான்தான். ஆள் எங்க இருக்கான் பாரு."

"தங்கள் பொறுமைக்கு நன்றி. தங்களுக்கான நேரம் பத்திலிருந்து ஒன்றுக்குள்."

"மணி பன்னெண்டரை."

"நேரம் இன்னும் முடியவில்லை, ஐயா." பிறகு குரலை இறக்கி, "மைனஸ் பின்னாடி நிக்குது. ஆளு முந்தின வீட்லதான் காட்டுது. ஃப்ரிட்ஜு. இழுக்குது."

"நான் போட்ட குறிப்பு அவனுக்குப் போச்சா?"

"குறிப்பு இரண்டாவது பக்கத்தில் இருக்கும், ஐயா. இரண்டாவது பக்கத்தை டெக்னீஷியன்கள் திறப்பதில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்தக் குறிப்புப் பகுதியில் எவ்வளவு அடித்திருப்பேன். நாய் உண்டு, மணியை அடிக்காதீர்கள், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, தாத்தாவுக்குக் காது கேட்காது. எதையும் யாரும் படித்ததில்லை.

ஒன்று அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"ஹலோ, சர்வீஸ்லேந்து பேசறேன்." ஆண் குரல். என் மனைவியின் பெயரைச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனுக்கே ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிறுத்தினான். "சார், இந்த வீடு... போன வாரம் நான்..."

"வாப்பா," என்றேன்.

"இல்ல சார், அம்மா சொன்னாங்க. வீட்ல நெலமை சரியில்லன்னா நான் இன்னொரு நாள்..."

"வாப்பா. மெஷின் மட்டும்தான் சரியில்ல. வா."

பத்து நிமிடத்தில் வந்தான். முப்பது வயதிருக்கும், முதுகில் பை. கதவுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"எப்ப சார் நடந்துச்சு?"

"பத்து மாசம் ஆச்சு."

"பத்து மாசமா?" அவன் முகம் மாறியது. "நான் அன்னைக்குத்தான்னு நெனச்சேன் சார். அம்மா குரல் அப்படி இருந்துச்சு. வீதி முனை வரைக்கும் வந்துட்டேன். துக்க வீட்டுக்குள்ள போய் வாஷிங் மெஷினக் கழட்டறதான்னு வண்டிய திருப்பிட்டேன். ஆப்ல அதுக்கு ஒரு காரணம் கிடையாது. தள்ளி வைக்கச் சொன்னாங்கன்னு போட்டேன்."

"அதுக்கு நாங்க இன்னொரு வாரம் கையால தோய்ச்சோம்," என்றேன். நாங்கள் என்று சொல்லியிருக்கக் கூடாது.

"மன்னிச்சுக்குங்க சார். நல்லது பண்றதா நெனச்சேன்."

மெஷின் முன்னால் மண்டியிட்டான். பிளக்கைப் பிடுங்கினான். கீழே ஓரத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, விரல் தடிமனில் ஒரு குழாயை இழுத்து, அடைப்பைக் கழற்றித் தட்டில் விட்டான். தட்டு நிரம்பியதும் நான் எடுத்துக் கொட்ட, அவன் அடைத்து, மறுபடி திறக்க, இப்படியே நடந்தது. தண்ணீர் நாறியது. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல் நின்றாள்.

தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தான். உள்ளே குழந்தையின் ஒரு சாக்ஸ், நூல், முடி, உடைந்த கிளிப் துண்டு.

"இதான். தண்ணி வெளிய போகல, தண்ணி இருக்கற வரைக்கும் கதவு பூட்டு விடாது."

"அப்ப சரியாயிடுச்சா?"

"போட்டுப் பாப்போம்."

பிளக்கைச் சொருகினான். சற்று நேரத்தில் 'டக்' என்று பூட்டு விட்டது. கதவு திறந்தது. குழந்தை கை தட்டினாள். நானும் மூச்சு விட்டேன். இரண்டு வாரமாக முடியாதது, முடிந்துவிட்டது. நான் என் வீட்டுக்குத் தனியாகப் போகலாம்.

துணிகளைப் பக்கெட்டில் இழுத்துப் போட்டான். கதவைச் சாத்தி, தண்ணீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினான். கீழே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. காதை வைத்துக் கேட்டான். வடிகட்டி இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, விரலை விட்டான்.

"பம்ப் போச்சு சார். அந்த கிளிப் உள்ள போய் விசிறிய உடச்சிருக்கு. மோட்டார் முனகுது, விசிறி சுத்தல. மாத்தணும்."

"மாத்து."

"எங்கிட்ட இருக்கணுமே. ஆர்டர் போட்டா நாலஞ்சு நாள்ல வரும். வந்ததும் ஆபீஸ்லேந்து கூப்பிடுவாங்க."

"எந்த ஆபீஸு?"

"நம்ம ஆபீஸ்தான் சார். நேரம் சொல்லி, என்னென்ன தயாரா வைக்கணும்னு..."

"நான்தான் அந்த ஆபீஸு."

அவன் என்னையும் பக்கெட்டையும் பார்த்தான். சிரிக்கலாமா என்று தெரியாமல் கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டான்.

அப்போதுதான் மாமியார் உள்ளே வந்தார். மதிய இடைவேளையில் ஓடி வந்திருக்கிறார். திறந்த கதவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் பம்ப் என்றேன். நாலஞ்சு நாள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போப்பா," என்று டெக்னீஷியனிடம் சொன்னார். அவன் குடித்துவிட்டுப் போனான். போகும்போதும் தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை.

"நாள் கூடிக்கிட்டே போகுது," என்றார் என்னைப் பார்க்காமல். "இவன் நாலுன்னா எட்டு. எனக்குத் தெரியாதா. பில் போடறவகிட்டயே நாளைக்கு வரும்னு சொல்லித்தான் மருந்துக் கம்பெனிக்காரன் ஏமாத்துறான்."

"ஆள் வச்சுத் தோய்க்கலாம் அத்தை. லாண்டரில குடுக்கலாம்."

"குடுக்கலாம். ராத்திரி மூணு மணிக்கு அவள எழுப்பி, துணி மாத்தி, படுக்கையத் திருப்பிப் போட எந்த லாண்டரிக்காரன் வருவான்? ஒத்தக் கையால அவளத் தூக்க முடியல மாப்ள. நேத்து ஈரத்துலயே தூங்கினா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

நான் பக்கெட்டைச் சுவரோரம் நகர்த்தினேன்.

"உங்களால முடியாதுன்னு நெனக்கறீங்க. அதானே?"

"ஆமா."

"எனக்கும் முடியாதுன்னுதான் நெனச்சேன். எம்பொண்ணு போயி ஒரு வாரத்துல ஒரு பிள்ளையையும் ஒரு மெஷினையும் கொண்டாந்து எறக்கிட்டுப் போனீங்க. முடியுமான்னு யார் எங்கிட்டக் கேட்டா?"

அவர் குரல் உயரவில்லை. பில் தொகையைச் சொல்வது போலத்தான் சொன்னார். குழந்தை பக்கெட்டில் இருந்த முயலைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"பாப்பா," என்றேன். "அப்பா வீட்டுக்கு வர்றியா?"

"எதுக்கு?"

"பாட்டிக்குக் கை வலிக்குது."

"எவ்ளோ நாளு?"

இந்தக் கேள்விக்குத்தான் தினமும் பதில் சொல்லிப் பிழைக்கிறேன். நாலிலிருந்து எட்டுக்குள் என்று வாய் வரை வந்தது.

"தெரியல," என்றேன்.

அவள் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்து உடைகளை எடுத்துக் கட்டில் மேல் போட்டார். ரப்பர் விரிப்பு ஒன்றை எடுத்துச் சுருட்டினார். ஒரு கையால் சுருட்ட வரவில்லை. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"பதினோரு மணிக்கு ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க. அழுவா. அழுதாலும் கூட்டிட்டுப் போங்க. ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கக் கேட்டா ஒரு மடக்கு."

"சரி."

"கேட்டீங்களா?"

"பதினொன்னு. ஒரு மடக்கு," என்றேன். அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

நாறும் துணிகளை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்தோம். குழந்தை என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் நனைந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சுளித்துத் தள்ளி நின்றார்.

வீட்டில் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. சுவரில் குழாய், கீழே தூசியில் நான்கு காலின் அடையாளம். பெரிய பக்கெட்டை எடுத்தேன். சோப்புத் தூள் எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. இரண்டு கை போட்டேன். நுரை பொங்கித் தரையில் வழிந்தது.

"நெறைய போட்டுட்டீங்க," என்றாள்.

"தெரியும்."

"பாட்டி ஒரு ஸ்பூன்தான் போடுவாங்க."

"இங்க பாட்டி இல்ல. என்ன பண்றது சொல்லு."

யோசித்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கெட்டுக்குள் ஒரு காலை வைத்தாள். வழுக்கிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு மறு காலையும் வைத்தாள். முயல்கள் மேல் ஏறி மிதிக்க ஆரம்பித்தாள். சாம்பல் தண்ணீர் மேலே வந்தது.

"நீங்களும் வாங்க," என்றாள்.

"எனக்கு இடம் பத்தாது."

"ஒரு கால் வைங்க."

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினேன். ஒரு காலை வைத்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் என் பாதத்தின் மேல் ஏறி நின்று மிதித்தாள். எடை இருந்தது. பத்து மாதத்தில் வளர்ந்திருக்கிறாள்.

"விடாம மிதிங்கப்பா," என்றாள் எரிச்சலாக. "சும்மா நின்னா அழுக்கு போவாது."